மாப்பிள்ளையின் கோட்டுப் பையில் ஆறு அட்டைகள்

மாப்பிள்ளையின் கோட்டுப் பையில் ஆறு அட்டைகள் இருக்கின்றன. அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்பது 350 பேர் கூடியிருக்கும் இந்த மண்டபத்தில் ஐந்து பேருக்குத்தான் தெரியும். அந்த ஐவரில் நானும் ஒருத்தி! மணப்பெண்ணுக்குக்கூடத் தெரியாது. மாமியாருக்குத் தெரியவே தெரியாது. தலைமேசைக்கு அடியில், வெள்ளைத் துணிக்குப் பின்னால் என்ன ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பது அந்த மேசையில் பூ வைத்தவர்களுக்கும் தெரியாது. சொல்லாமல் வைத்திருப்பதற்குள் எனக்கு மூச்சு முட்டுகிறது.

கனடா, ஸ்கார்பரோ. சனிக்கிழமை மாலை. விருந்து மண்டபத்தின் பின்புறம், மணமக்கள் உடை மாற்றும் சின்ன அறை. மாப்பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு முணுமுணுக்கிறார். எதிரே நிற்பவர் இன்றைய அறிவிப்பாளர், எல்லோருக்கும் அக்கா. கலியாண வரவேற்புகளில் மைக் பிடிப்பது அவர் தொழில். ஆனால் அவர் ரசித்துச் செய்கிற வேலை மேடைக்கு வெளியே நடக்கிறது. மாப்பிள்ளைமாரின் நன்றியுரையை வாங்கிப் படித்து, பிரித்துப் போட்டு, பேசக்கூடிய ஒன்றாக மாற்றிக் கொடுப்பார். இந்த ஒரு பேச்சு உருவானதைத் தொடக்கத்திலிருந்து பக்கத்தில் இருந்து பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது.

ஊரில் மாப்பிள்ளை பேசுகிற வழக்கமே இல்லை. பெரியவர்கள் வாழ்த்துரை வழங்குவார்கள், அச்சடித்த வாழ்த்துமடலை யாராவது குரலெடுத்து வாசிப்பார்கள், மாப்பிள்ளை தலைப்பாகையோடு சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். மாப்பிள்ளை எழுந்து பேசுவது இங்கே வந்தபின் ஒட்டிக்கொண்ட ஆங்கிலேய வழக்கம். அவர்களுடைய பழைய ஒழுங்கில் முதலில் பெண்ணின் தந்தை பேசுவார். அடுத்து மாப்பிள்ளை. அதன்பின் தோழன். அதாவது மாப்பிள்ளையின் உரை, மாமனாரின் உரைக்குச் சொல்லும் பதில். அதனால் அது பிறவியிலேயே ஒரு நன்றியுரை. அந்த உரையில் மாப்பிள்ளை முதன்முறையாக “என் மனைவியும் நானும்” என்று சொல்லும்போது சபை கைதட்டிக் கூவும். அதுவும் அவர்களிடமிருந்து வந்ததுதான். நம் மண்டபங்களிலும் அந்தக் கூச்சல் தவறாமல் எழுகிறது!

வழக்கத்தை எடுத்துக்கொண்டோம். ஆனால் நம் மண்டபத்தில் இருப்பவர்கள் முக்கால்வாசி சொந்தக்காரர்கள். ஒவ்வொருவரும் ஏதோ ஒரு விதத்தில் உண்மையாகவே நன்றிக்கு உரியவர்கள். அங்கேதான் பட்டியல் பிறக்கிறது.

இந்த மாப்பிள்ளை கொண்டுவந்த முதல் பிரதியை நான் கையில் வைத்துப் பார்த்தேன். நான்கு பக்கம், 43 பெயர்கள். “அடுத்ததாக” என்று தொடங்கும் பத்திகள் ஒன்பது. வாசிக்க 11 நிமிடம் எடுத்தது. அக்கா பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, வாக்காளர் பட்டியல் வாசிச்ச மாதிரி இருக்கு.”

“என்ன அக்கா செய்யிறது? ஒராளை விட்டாலும் கோவிப்பினம்.”

“எல்லாரையும் சொன்னீர். ஆரையாவது எனக்கு இப்ப ஞாபகம் இருக்கோ எண்டு கேளும்.”

கேட்கவே தேவையில்லை. எனக்கும் ஒருவர்கூட நினைவில்லை.

பிறகு அக்கா ஒரு பேனாவை எடுத்தார். ஒவ்வொரு வரியிலும் உறவுமுறையை மட்டும் விரலால் மூடிக்கொண்டு வாசித்தார். “எப்போதும் அன்போடு ஆதரவு தந்த ... அவர்களுக்கு நன்றி.” மூடிய இடத்தில் யாரைப் போட்டாலும் வரி பொருந்தினால், அந்த வரிக்குக் குறுக்கே ஒரு கோடு. மாமாவைப் போடலாம், சித்தியைப் போடலாம், படம்பிடிப்பவரைக்கூடப் போடலாம். நான்கு பக்கத்தில் மிஞ்சியது மூன்று வரி. மாப்பிள்ளையின் முகம் வாடிப்போனது. எனக்கோ அந்த மூன்று வரியைப் பார்த்ததும் கைதட்ட வேண்டும்போல் இருந்தது, ஏனென்றால் அதில் ஒன்று இது: “மாமி குடுத்துவிட்ட ஐஸ்கிறீம் வாளி ரெண்டு வருசம் எங்கட வீட்டுக்கும் அவையின்ர வீட்டுக்கும் போய்வந்தது.”

“நில்லும்,” என்றார் அக்கா. “இதென்ன வாளி?”

அந்தக் கதையை நான் உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். பெண்ணும் மாப்பிள்ளையும் வாட்டர்லூவில் படித்தவர்கள். ஸ்கார்பரோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டருக்கு மேல். ஞாயிறு இரவுகளில் பெண்ணின் அப்பா மகளைக் காரில் கொண்டுபோய் விடுவார். கூடவே அம்மா கட்டிக்கொடுத்த சாப்பாடு, 4 லீற்றர் ஐஸ்கிறீம் வந்த பிளாஸ்டிக் வாளியில். கார் குலுங்கிக் குழம்பு சிந்தக்கூடாது என்று அப்பா அந்த வாளியைப் பின்சீட்டில் வைத்து அதற்கு சீட்பெல்ட் போட்டுவிடுவாராம். வாளிக்கு சீட்பெல்ட்!

அந்தச் சாப்பாட்டில் பாதி மாப்பிள்ளைக்குப் போனது. ஒரு வார இறுதியில் கழுவாத வாளியோடு அவர் தன் வீட்டுக்கு வந்துவிட்டார். அங்கே அவருடைய அம்மம்மா இருந்தார். வாளியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஆரின்ர?” என்று கேட்கவில்லை. “வெறும் பாத்திரம் திருப்பிக் குடுக்கக்கூடாது” என்று மட்டும் சொன்னார். அம்மா பயித்தம் பணியாரம் சுட்டார். அப்பா வாளியைக் கழுவித் துடைத்து, மூடிக்கு மேல் டேப் ஒட்டினார். திங்கட்கிழமை வாளி வாட்டர்லூ திரும்பியது. அங்கிருந்து பெண்ணின் வீட்டுக்கு. அங்கே மூடியைத் திறந்த பெண்ணின் அம்மா ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, “இது ஆரோ வடமராட்சி ஆக்கள் செய்தது” என்றாராம். அடுத்த வாரம் வாளி நிறைய இடியப்பமும் கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பும். இரண்டு குளிர்காலம் இப்படியே ஓடியது. இரண்டு தாய்மாரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை!

இதை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் “அன்போடு ஆதரவு தந்த” என்று எழுதிக்கொண்டிருந்தார்.

அக்காவின் மூளை வேலை செய்ததை அப்போது பார்த்தேன். ஒரு தாளின் நடுவில் வாளி என்று எழுதி வட்டம் போட்டார். “இதை ஆர் ஆர் தொட்டவை?” மாப்பிள்ளை சொல்லச் சொல்ல எழுதினார். நிரப்பியது மாமி. ஓட்டிக்கொண்டு போனது மாமா. வழியில் மூடியைத் திறந்து கட்லட் திருடியது பெண்ணின் தம்பி. வெறுமையாகத் திருப்பாதே என்றது அம்மம்மா. சுட்டது அம்மா. கழுவியது அப்பா. நன்றி சொல்ல வேண்டிய முக்கியமானவர்கள் அத்தனை பேரும் ஒரு வாளியைச் சுற்றி வந்து நின்றுவிட்டார்கள். வாளி ஒரு வீட்டிலிருந்து மற்ற வீட்டுக்குப் போகும் வரிசையே பேச்சின் வரிசை. “அடுத்ததாக” என்று சொல்ல வேண்டிய இடமே இல்லை, ஏனென்றால் வாளியே அடுத்தவரிடம் போய்விடுகிறது. கேட்பவருக்கு இது நன்றியுரை என்ற நினைப்பு வராது. அடுத்து வாளி யார் கைக்குப் போகும் என்றுதான் காத்திருப்பார்.

எல்லோரும் அதற்குள் வந்துவிடவில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர். 1989-இல் அப்பாவைக் கனடாவுக்குக் கூப்பிட்டவர், தன் வீட்டு நிலக்கீழ் அறையைக் கொடுத்தவர். அவர் அந்த வாளியைக் கண்ணால் கண்டதில்லை. மாப்பிள்ளை எப்படியாவது அவரையும் வாளியில் சேர்க்கப் பார்த்தார். “பெரியப்பாதான் அந்த ஐஸ்கிறீமை வாங்கித் தந்தவர் எண்டு சொல்லுவமோ?” அக்கா அசையவில்லை. உண்மையில்லாததைச் சொன்னால் பெரியப்பா வீட்டிலேயே முதலில் சிரிப்பார்கள். அவருக்குத் தனியாக ஓர் அட்டை, மூன்றே வரி. வாளிக்கதை முடிந்து, சபை இளகியிருக்கும் நேரத்தில் அவரிடம் வர வேண்டும். அந்த மூன்று வரி இது: “பெரியப்பா, நீங்கள் அந்த வாளியைக் கண்டதில்லை. ஆனா உங்கட பேஸ்மென்ட் அடுப்பிலதான் அம்மா கனடாவில முதல் சோறு வடிச்சவ. அந்த வீடு இல்லாட்டி இந்த வீடும் இல்லை.” நான் அந்த அட்டையைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

கவனித்தீர்களா, “பெரியப்பாவுக்கு நன்றி” என்று இல்லை. “பெரியப்பா, நீங்கள்” என்று அவரைப் பார்த்துப் பேசுகிறது. இது அக்கா விட்டுக்கொடுக்காத ஒரு சங்கதி. ஒருவரைப் பற்றிச் சபைக்குச் சொன்னால் அது அறிவிப்பு. அவரிடமே சொன்னால் சபை ஒட்டுக்கேட்கத் தொடங்கிவிடும். முந்நூற்றைம்பது பேரும் ஒரு குடும்பத்தின் சாப்பாட்டு மேசையை எட்டிப் பார்ப்பார்கள். நன்றி என்ற சொல்லை முழுப் பேச்சிலும் இரண்டு முறைதான் அனுமதித்தார், ஒன்று மாமாவுக்கும் மாமிக்கும் சேர்த்து, மற்றது அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சேர்த்து.

மிச்சம் முப்பத்தைந்துக்கு மேற்பட்ட பெயர்கள்? இதைத்தான் நான் மிகவும் கவலையோடு கேட்டேன். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நான்கு சகோதரிகள். ஒருவர் பெயரைச் சொன்னால் மற்ற மூவரும் அடுத்த பொங்கல்வரை முகம் கொடுக்க மாட்டார்கள். “சொன்னா எல்லாரையும் சொல்லோணும், இல்லாட்டி ஒருத்தரையும் சொல்லக்கூடாது,” என்றார் அக்கா. சகோதரிகள் நால்வரும் “சின்னம்மாமார்” ஆனார்கள். ஆனால் வெறும் சின்னம்மாமார் இல்லை, “முதல்நாள் இரவு ரெண்டு மணிவரைக்கும் பலகாரம் சுட்ட சின்னம்மாமார்”. அந்தச் செயலில் நால்வரும் இருந்தார்கள், அதனால் யாருக்கும் குறை வராது. முழுப் பெயர்ப்பட்டியலையும் மாப்பிள்ளைத்தோழன் வாங்கிக்கொண்டார். பேச்சு முடிந்ததும் ஓடவேண்டிய படத்தொகுப்பின் கடைசியில், ஒவ்வொருவர் பெயரும் ஒரு பழைய புகைப்படத்தோடு. பட்டியலை ஒழிக்க வேண்டியதில்லை, அதற்குத் திரையில் ஓர் இடம் இருக்கிறது. கண்ணால் படிக்கும்போது 43 பெயர் அலுப்பதில்லை, எல்லோரும் தங்கள் பெயரைத் தேடுவார்கள்.

அளவும் முக்கியம். மேடையில் சிரிப்புக்கும் கைதட்டலுக்கும் இடம் விட்டுப் பேசினால் நிமிடத்துக்கு எண்பது, தொண்ணூறு தமிழ்ச் சொல்தான் போகும். சாப்பாட்டுக்கு முன் பேசுகிற பேச்சு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் பிள்ளைகள் எழுந்து ஓடத் தொடங்குவார்கள், பின்மேசைகளில் கதை தொடங்கிவிடும். ஆகவே நானூறு சொல். தடித்த அட்டையில் பெரிய எழுத்து, ஓர் அட்டைக்கு ஒரு காட்சி, மூலையில் துளையிட்டு வளையம், கீழே விழுந்தாலும் வரிசை மாறாது. கைப்பேசியில் வைத்து வாசிக்க அக்கா விடுவதில்லை. சரியாக மாமியிடம் வரும்போது திரை அணைந்துவிடுமாம்.

அந்த அட்டைகளில் எனக்கு மிகப் பிடித்தது முதல் அட்டை. பாதி வெறுமை! அச்சுப்பிழை என்று நினைத்தேன். இல்லை, அது மாமாவுக்காக. மாமா முன்னால் பேசுவார். அவர் என்ன சொல்வார் என்று யாருக்கும் தெரியாது. அவர் பேச்சிலிருந்து ஒரு வாக்கியத்தைப் பிடித்து, அந்த வெற்றிடத்தில் எழுதி, அதிலிருந்துதான் மாப்பிள்ளை தொடங்க வேண்டும். பதில் பேச்சு என்றால் பதில் இருக்க வேண்டாமா?

ஓர் அட்டை வெட்டப்பட்டதையும் சொல்கிறேன். காதல் விசயம் தெரிந்தபோது மாமா முதலில் சம்மதிக்கவில்லை, சில மாதம் பேசவே இல்லை. பிறகு எப்படி மனம் மாறினார் என்ற கதை உருக்கமானது. மாப்பிள்ளை அதை ஆசையாக எழுதியிருந்தார். அக்கா பேச்சை முழுவதுமாகப் பெண்ணின் தம்பிக்கு அனுப்பச் சொன்னார், வேறு யாருக்கும் இல்லை. தம்பியிடமிருந்து உடனே பதில் வந்தது: “அத்தான், அப்பா இதைத் தன்ர அண்ணன்தம்பிமாருக்குக்கூடச் சொல்லேல்லை.” அட்டை போனது. முடிவில் மகிழ்ச்சியாக முடிகிற கதையானாலும், மாமனார் தோற்ற கதையாக அவருடைய சொந்தக்காரர் காதில் விழுந்தால் என்ன ஆகும்? பெண் வீட்டைப் பற்றி ஒரு வரி சொல்வதானால் பெண் வீட்டில் ஒருவர் அதை முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும். “மகளை எனக்குத் தந்ததற்கு” என்ற வரியையும் தம்பியே நீக்கச் சொன்னார். “அக்கா தானாத்தான் வந்தவ” என்று எழுதியிருந்தார். எனக்கு அந்தத் தம்பியை மிகவும் பிடித்துவிட்டது.

மண்டபத்தில் இன்னொரு வேலை சத்தமில்லாமல் நடந்தது. அக்கா ஒவ்வொரு அட்டையின் ஓரத்திலும் பென்சிலால் மேசை எண் எழுதினார். மாமா மேசை 2, இடப்பக்கம். பெரியப்பா மேசை 5. பேசும்போது அந்தப் பக்கம் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் “பெரியப்பா, நீங்கள்” என்று சமையலறைக் கதவைப் பார்த்துச் சொல்ல நேரிடும். அதே எண்களை வீடியோ எடுப்பவரிடமும் கொடுத்தார். பெயர் வருவதற்கு முன்பே கமரா அந்த முகத்தில் இருக்க வேண்டும், அப்போதுதான் அந்த முகம் மாறுவது பதிவாகும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கவலை: பெண்ணின் தாய் எந்த வரவேற்பிலும் இருக்கையில் இருப்பதில்லை! வாசலில் யாரையோ வரவேற்பார், சாப்பாட்டுக்காரரோடு அப்பளத்தைப் பற்றி வாதாடுவார். மாமிக்குரிய வரி வெறும் கதிரைக்குப் போய்ச் சேர்ந்த வரவேற்புகளை அக்கா பார்த்திருக்கிறார். அதனால் இன்று மாமியைப் பிடித்து உட்காரவைக்கும் பொறுப்பு தம்பிக்கு.

7.40. மாமா எழுந்தார். கையில் தாள் இல்லை. வந்தோரை வரவேற்றார், மகளின் சிறுவயதைச் சொன்னார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நானும் அக்காவும் மேடையோரத்தில் நின்று மாப்பிள்ளையின் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது அசையவில்லை. கடைசியில் மாமா மாப்பிள்ளையிடம் திரும்பினார்: “தம்பி, ஒண்டே ஒண்டு. என்ர பிள்ளைக்குப் பசி வந்தா கோவம் வரும். அதை மட்டும் பார்த்துக்கொள்ளும்.”

சபை சிரித்தது. பேனா ஓடியது! அக்கா என் கையைக் கிள்ளினார். பசி! வாளிக்கு நேரே கொண்டுபோய் விடுகிற ஒரு சொல், கேட்காமலே கிடைத்தது.

மாப்பிள்ளை மைக்கை வாங்கினார். நாடிக்கு நான்கு விரல் கீழே பிடித்தார், பழகியபடியே. “மாமா, அது எனக்குத் தெரியும். ஏனெண்டா உங்கட பிள்ளையின்ர சாப்பாட்டில பாதியை ரெண்டு வருசமாத் திண்டது நான்தான்.” முதல் வெடிச்சிரிப்பு. பிறகு மேசை 14-இல் இருந்த தமிழ் தெரியாத நண்பர்களைப் பார்த்து மூன்றே ஆங்கில வாக்கியத்தில் வாளிக்கதையின் சாரத்தைச் சொன்னார். அதன்பின் முழுக்கத் தமிழ். ஒவ்வொரு வரியையும் இரு மொழியில் சொல்லியிருந்தால் பேச்சு இரண்டு மடங்காகியிருக்கும். நண்பர்கள் கதை தெரிந்ததால் முகங்களைப் பார்த்தே சிரித்தார்கள்.

சீட்பெல்ட் வந்தபோது மாமா தலையைக் குனிந்துகொண்டு குலுங்கிச் சிரித்தார். கட்லட் வந்தபோது தம்பியின் தோழர்கள் மேசையைத் தட்டினார்கள். அம்மம்மாவுக்கு ஒரே வரி: “வெறும் பாத்திரம் திருப்பிக் குடுக்கக்கூடாது எண்டு சொன்ன அம்மம்மா போன வருசம் போயிட்டா. இந்தக் கலியாணத்தைத் தொடக்கிவைச்சது அவதான்.” ஓர் இடைவெளி. உடனே அப்பா வாளி கழுவிய காட்சி, அதனால் சபை துக்கத்தில் தங்கிவிடாமல் நகர்ந்தது. மறைந்தவரைக் கடைசியில் வைக்காமல் நடுவில் வைத்த காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பிறகு குனிந்து, மேசைத்துணியை விலக்கி, அதை எடுத்தார். வெள்ளை வாளி. லேபல் பாதி உரிந்து, கைபிடி வளைந்து! மண்டபம் எழுந்துவிட்டது. “மாமி, ரெண்டு வருசமா நீங்கள் ஆருக்குச் சமைக்கிறீங்கள் எண்டு தெரியாமலே எனக்குச் சமைச்சுப் போட்டிருக்கிறீங்கள். என்ர மனைவியும் நானும்...” இங்கே அரை நிமிடம் எதுவும் கேட்கவில்லை, அவ்வளவு கூச்சல். “...உங்களுக்கும் மாமாவுக்கும் நன்றி சொல்லுறம். வாளி வெறுமையா இல்லை மாமி.” உள்ளே பயித்தம் பணியாரம். காலையில் அவருடைய அம்மா சுட்டது.

மேசை 2-இலிருந்து மாமி மைக் இல்லாமலே கேட்டார்: “மூடி எங்க தம்பி? மூடி இன்னும் வரேல்லை!”

இது எந்த அட்டையிலும் இல்லை. மாப்பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை. மறுபக்கத்திலிருந்து அவருடைய அம்மா எழுந்து, “அது எங்கட வீட்டில இருக்கு சம்மந்தி, நாளைக்குக் கொண்டுவாறன்!” என்றார். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துதான் பெரியப்பாவின் அட்டைக்கு வர முடிந்தது. வந்தார், மேசை 5 பக்கம் திரும்பி அந்த மூன்று வரியையும் சொன்னார், பெரியப்பா இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். அம்மாவுக்கும் அப்பாவுக்குமான இரண்டாவது நன்றியோடு முடித்து மைக்கைக் கொடுத்தபோது அக்காவின் கடிகாரத்தில் ஐந்து நிமிடம் நாற்பது வினாடி. கூடுதல் முழுவதும் மாமியுடைய மூடியால் வந்தது என்று அவர் பெருமையோடு என்னிடம் காட்டினார்.

விளக்கு மங்கியது, திரையில் பெயர்கள் ஓடத் தொடங்கின. நான்கு சின்னம்மாமாரும் ஒரே படத்தில், பாடசாலைச் சீருடையில், இரட்டைப் பின்னலோடு வந்தார்கள். பிள்ளைகள் தங்கள் பெயர் வரும்போதெல்லாம் கத்தினார்கள். சித்தப்பா ஒருவர் தன் பெயரைக் கைப்பேசியில் பிடிக்கத் திரைக்கு முன்னால் ஓடினார், பிடிப்பதற்குள் பெயர் போய்விட்டது, “இன்னொருக்காப் போடுங்கோ!” என்று தோழனிடம் கேட்டார். தோழன் போட்டார். அக்கா மைக்கை எடுத்து, இரண்டாம் முறை ஓடி முடிந்ததும் மேசை 1-இலிருந்து சாப்பாட்டுக்கு வரலாம் என்று அறிவித்தார்.